அடுத்தவர் கண்ணால் தன்னைப் பார்ப்பது தாழ்வு மனப்பான்மையா?

கேள்வி: டு பாய்ஸ் சொல்லும் ‘இரட்டைப் பிரக்ஞை’யும் தாழ்வு மனப்பான்மையும் ஒன்றுதானா? வகுப்பில் பொம்மைப் பரிசோதனையைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள். அப்படியானால் தன்னம்பிக்கையுள்ள ஒரு கறுப்பினத்தவருக்கு இது பொருந்தாதா?

பொருந்தும். சொல்லப்போனால், அந்தக் கருத்தை எழுதியவரே அசாத்தியமான தன்னம்பிக்கைக்காரர். மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பது ஒரு விஷயம். அந்தப் பார்வை சரிதான் என்று அவர் நம்பிவிடுவது வேறு விஷயம். முதலாவது இருந்தாலே இரட்டைப் பிரக்ஞை உண்டு. இரண்டாவது இருந்தால்தான் அதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்ல முடியும். பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டதற்குக் காரணம் நீங்கள் சொன்ன பொம்மைப் பரிசோதனைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் டு பாய்ஸ் என்னதான் எழுதினார் என்று பார்த்துவிடலாம்.

கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1868இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அங்கே கறுப்பினக் குடும்பங்கள் மிகச் சிலவே. அவர் 1897 ஆகஸ்டில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதையே கொஞ்சம் திருத்தி 1903இல் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயமாக வைத்தார். அதில் தன் பள்ளிக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். ஒரு கட்டு பத்து சென்ட் என்று அழகழகான விசிட்டிங் கார்டுகளை வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது என்று பிள்ளைகளுக்குத் திடீரென ஒரு மோகம் வந்தது. விளையாட்டு உற்சாகமாகத்தான் போனது. பள்ளிக்குப் புதிதாக வந்த ஓர் உயரமான பெண் மட்டும் இவருடைய கார்டை வாங்க மறுத்துவிட்டாள். ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வசவு எதுவும் இல்லை.

மற்றவர்களிடமிருந்து தான் வேறுபட்டவன், அவர்களுடைய உலகத்துக்கும் தனக்கும் நடுவில் ஒரு பெரிய திரை தொங்குகிறது என்று அந்த நொடியில் உறைத்தது என்கிறார். இதை வாசிக்கும் பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, ‘பாவம், அந்தப் பையன் உடைந்து போயிருப்பான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த வரிகள் அதற்கு நேர் எதிராகப் போகின்றன. அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்ற ஆசை தனக்கு வரவே இல்லை, அதற்கு அப்பால் இருந்தவர்களை இளக்காரமாகத்தான் நினைத்தேன் என்கிறார். தேர்வில் அவர்களை முந்தும்போதும், ஓட்டப் பந்தயத்தில் தோற்கடிக்கும்போதும், ஏன், சண்டையில் நாலு போடு போடும்போதும்கூட வானம் மிக நீலமாக இருந்ததாம்! இது தாழ்வு மனப்பான்மை உள்ள பையனின் பேச்சா?

ஆனாலும் அவனிடம் ஏதோ ஒன்று மாறிவிட்டது. அதுவரை அவன் தன்னை ஓரிடத்திலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது இரண்டாவதாக ஓர் இடம் சேர்ந்துகொண்டது, அந்தப் பெண் நின்ற இடம். அங்கிருந்து பார்த்தால் தான் எப்படித் தெரிகிறோம் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டதை மறக்க முடியாது. தேர்வில் முதலாவதாக வருவது இனி வெறுமனே முதலாவதாக வருவதாக இருக்காது. அது அவர்களுக்கு ஒன்றை நிரூபித்துக் காட்டுவதாகவும் ஆகிவிடும். வெற்றியே ஆனாலும் அளவுகோல் அவர்கள் கையில். தன் ஆன்மாவை அடுத்தவருடைய நாடாவால் அளந்து பார்ப்பது என்று டு பாய்ஸ் சொல்வது இதைத்தான்.

அந்த நாடாவைப் பிடித்திருப்பவர் எப்போதும் பகைவராக இருக்க வேண்டியதில்லை. வேடிக்கையாகப் பார்க்கும் இகழ்ச்சி, பரிதாபம் என்று இரண்டையும் சேர்த்தே டு பாய்ஸ் சொல்கிறார். அதே கட்டுரையின் தொடக்கத்தில் வரும் வெள்ளையர்கள் நல்லெண்ணக்காரர்கள். தயங்கித் தயங்கி அருகில் வந்து, “எங்கள் ஊரில் அருமையான கறுப்பர் ஒருவரை எனக்குத் தெரியும்” என்பார் ஒருவர். தான் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டதைச் சொல்வார் மற்றொருவர். தென்மாநிலங்களில் நடக்கும் அட்டூழியங்களைக் கேட்டால் உங்களுக்கு ரத்தம் கொதிக்கவில்லையா என்பார் இன்னொருவர். இவர்கள் எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றே: ‘ஒரு பிரச்சினையாக இருப்பது எப்படி இருக்கிறது?’ அதற்குத் தான் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை என்கிறார் டு பாய்ஸ். பரிவோடு பேசும்போதும் எதிரே நிற்பவரை அவர்கள் ஓர் ஆளாகப் பார்க்கவில்லை, விவகாரமாகத்தான் பார்க்கிறார்கள். அவருக்கும் அது தெரிகிறது.

இந்த இரண்டு பார்வைகள் வாழ்க்கையில் என்ன செய்கின்றன என்பதற்கு அந்தக் கட்டுரையிலேயே மிகத் துல்லியமான இடம் ஒன்று இருக்கிறது. ‘ஒரே உடலுக்குள் இரண்டு ஆன்மாக்கள்’ என்ற புகழ்பெற்ற வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு ஒரு பக்கம் தள்ளி வரும் இந்தப் பத்தியை யாரும் தொடுவதில்லை. என்னைக் கேட்டால் முழுக் கருத்தும் இங்கேதான் இருக்கிறது.

அதில் ஒரு கைவினைஞர் வருகிறார். விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும்தான் இந்தக் கூட்டம் லாயக்கு என்று வெள்ளையர் இகழ்வதிலிருந்து அவர் தப்பிக்க வேண்டும். அதற்கு அவருடைய வேலை உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் அவர் யாருக்காக உழுகிறார், யாருக்காக ஆணி அடிக்கிறார்? வறுமையில் கிடக்கும் தன் சொந்த மக்களுக்காக. இந்த இரண்டு நோக்கங்களும் இரண்டு பக்கம் இழுப்பதால் எதிலும் அவருக்கு முழு மனது போவதில்லை, கடைசியில் வேலை சுமாராகத்தான் வருகிறது. அடுத்து மருத்துவரும் போதகரும் வருகிறார்கள். தன் மக்களின் வறுமையும் கல்வியின்மையும் அவர்களைப் போலி வைத்தியத்தின் பக்கமும் வாய்ச்சவடாலின் பக்கமும் இழுக்கின்றன. அந்தப் பக்க உலகத்தின் விமர்சனமோ, தாங்கள் அன்றாடம் செய்யும் எளிய வேலையை நினைத்தே வெட்கப்படும்படியான லட்சியங்களின் பக்கம் இழுக்கிறது. பிறகு ஓர் அறிஞர். அவருடைய மக்களுக்குத் தேவையான அறிவு வெள்ளை அண்டை வீட்டாருக்கு அரைத்த மாவு. வெள்ளை உலகத்துக்குப் புதிதாகச் சொல்லக்கூடிய அறிவோ அவருடைய மக்களுக்கு விளங்காத பாஷை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவர்கள் எல்லோரும் எப்படித் தெரிவார்கள்? திறமை போதாதவர்களாக. ‘பாருங்கள், சந்தர்ப்பம் கிடைத்தும் இவர்களால் முடியவில்லை.’ இது பலவீனமாகத் தெரிகிறது, ஆனால் பலவீனம் கிடையாது, இரட்டை நோக்கங்களின் முரண்பாடு என்கிறார் டு பாய்ஸ். கைவினைஞருக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு தரப்பாருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார், அந்த இரு தரப்பும் கேட்பது வேறு வேறு, அவ்வளவுதான். தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்தால் இது தீராது. ஒரு தரப்பின் இகழ்ச்சிக்கு அவருடைய பிழைப்பின்மேல் அதிகாரம் இருக்கும்வரை இது தொடரும்.

இனி பொம்மைப் பரிசோதனை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர் செய்தது. 1947இல் வெளியான அவர்களுடைய முக்கியமான கட்டுரையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகள். அவர்களில் 134 பேர் தெற்கே ஆர்கன்சாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டுமேயான பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸில் எல்லா இனத்தவரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் இருந்தவர்கள். நான்கு பொம்மைகள். தோல் நிறமும் முடி நிறமும் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. ‘நீ விளையாட விரும்பும் பொம்மையைக் கொடு’, ‘நல்ல பொம்மை எது’, ‘மோசமாகத் தெரியும் பொம்மை எது’ என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியாக ‘உன்னைப் போல் இருக்கும் பொம்மையைக் கொடு’ என்பார்கள்.

67 விழுக்காட்டினர் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பினார்கள். 59 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மை மோசமாகத் தெரிகிறது என்றார்கள். தன்னைப் போல் இருப்பது பழுப்புப் பொம்மை என்று 66 விழுக்காட்டினர் சொன்னார்கள். பழுப்புப் பொம்மையை ‘மோசம்’ என்று ஒதுக்கிய குழந்தையிடம் சற்று நேரத்தில் ‘உன்னைப் போல் எது’ என்று கேட்டால் என்ன ஆகும்? வடக்கே சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடின. பிரிவினைப் பள்ளிகள் குழந்தைகளின் மனத்தைச் சிதைக்கின்றன என்று வாதிட இந்த வகை ஆய்வுகள் நீதிமன்றத்துக்குப் போயின. 1954இல் பள்ளிப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அதன் 11ஆம் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் முதலில் வந்தது. அன்றிலிருந்து ‘ஒடுக்கப்பட்டவர் தன்னைத் தானே வெறுக்கிறார்’ என்பது ஒரு பொது அறிவாகவே ஆகிவிட்டது.

எண்களை ஊன்றிப் பார்த்தால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. பழுப்புப் பொம்மையை மோசம் என்று சொன்னவர்கள் வடக்கே 71 விழுக்காடு, தெற்கே 49 விழுக்காடு. கறுப்பினத்தவருக்குள்ளேயே படித்த குழந்தைகளைவிட, வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்த குழந்தைகளிடம்தான் இது கூடுதல். வழக்கின் வாதத்துக்கு இது சங்கடம்தான், விமர்சகர்கள் அன்றே இதைப் பிடித்துக்கொண்டார்கள். டு பாய்ஸை வாசித்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கிரேட் பாரிங்டனும் அந்தக் குழந்தைகள் இருந்த அதே மாநிலம்தான். அந்தப் பெண்ணும் அவரும் ஒரே பள்ளியில் படித்ததால்தான் கார்டு மறுக்கப்பட முடிந்தது. பார்வை அருகில் இருந்தால்தான் அது சுடும்.

இன்னொரு எண்ணும் உண்டு. வெளிர் நிறமுள்ள குழந்தைகளில் 20 விழுக்காட்டினர் மட்டுமே பழுப்புப் பொம்மையைத் தன்னைப் போல் என்றார்கள். கருமை கூடிய குழந்தைகளில் அது 81 விழுக்காடு. அப்படியென்றால் கணிசமான குழந்தைகள் தன் இனத்தைக் கைவிடவில்லை, கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைத்தான் பொருத்திப் பார்த்தன. தன்வெறுப்பு என்று நாம் பெயர் வைத்ததில் ஒரு பகுதி வெறும் நிறப் பொருத்தம்.

மிச்சப் பகுதி? இந்த உலகத்தில் எந்தப் பொம்மையை எல்லோரும் ‘நல்லது’ என்கிறார்கள் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. அது நிச்சயம். அந்த வயதிலேயே அது தெரிந்திருப்பது கொடுமைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘நான் மோசம்’ என்று குழந்தை நம்புகிறதா என்று பொம்மையைக் காட்டிக் கேட்டால் பதில் கிடைக்காது, அதை நேரடியாகக் கேட்டாக வேண்டும். பின்னால் அப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மாரிஸ் ரோசன்பெர்க்கும் ராபர்ட்டா சிம்மன்ஸும் பால்டிமோர் பள்ளிப் பிள்ளைகளிடம் சுயமதிப்பைக் கேட்டு 1971இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் சுயமதிப்பு வெள்ளைப் பிள்ளைகளைவிடக் குறைவாக இல்லை. பிறகு வந்த பல ஆய்வுகளும் அதையே சொன்னன. காரணம் எளிது: ஒரு பிள்ளை தன்னை மதிப்பிடும்போது முதலில் பார்ப்பது அம்மா என்ன நினைக்கிறாள், கூட்டாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத்தான். தூரத்து வெள்ளையர் என்ன நினைக்கிறார் என்பது அதற்கெல்லாம் பிறகு.

சரி, சுயமதிப்பு குறையவில்லை என்றால் இரட்டைப் பிரக்ஞையால் நஷ்டமே இல்லையா? உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இங்கேதான் விடை. ஜெனிஃபர் கிராக்கரும் சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து இரட்டைப் பிரக்ஞை வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் காட்டிய சோதனை வேறு இல்லை, அதை நடத்தியவர்கள் டு பாய்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு நடத்தினார்களோ இல்லையோ.

ஒரு கல்லூரி மாணவரை அறையில் உட்கார வைக்கிறார்கள். நட்பு எப்படி உருவாகிறது என்பது பற்றிய ஆய்வு என்று சொல்கிறார்கள். பக்கத்து அறையில் இன்னொரு மாணவர் இருப்பதாகவும், அவர் வெள்ளையர் என்றும் தெரியப்படுத்துகிறார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒருபக்கக் கண்ணாடி, அதன்மேல் மடிப்புத் திரை. பாதிப் பேருக்குத் திரை மேலே தூக்கப்பட்டிருக்கும், ‘அவர் என்னைப் பார்க்கிறார்’ என்று மாணவர் நினைப்பார். பாதிப் பேருக்கு இறக்கப்பட்டிருக்கும். மாணவர் தன்னைப் பற்றி ஒரு படிவத்தில் எழுதி அனுப்புகிறார். பதில் வருகிறது: சிலருக்கு ‘உங்களோடு நட்பாக இருக்க விரும்புகிறேன்’ என்ற தொனியில், சிலருக்கு ‘ஆர்வமில்லை’ என்ற தொனியில். முன்பும் பின்பும் சுயமதிப்பை அளக்கிறார்கள்.

திரை இறங்கியிருந்தபோது கறுப்பின மாணவர்களுக்குப் பாராட்டு பாராட்டாகவே வேலை செய்தது, சுயமதிப்பு கூடியது. திரை தூக்கியிருந்தபோது அதே பாராட்டு வந்தவர்களுக்குச் சுயமதிப்பு இறங்கியது. பாராட்டு வந்து சுயமதிப்பு இறங்குமா? ‘இவர் என் எழுத்தைப் பார்த்து இப்படிச் சொன்னாரா, நான் கறுப்பினத்தவர் என்று பார்த்துவிட்டு, பாரபட்சக்காரர் என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று சொன்னாரா?’ இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழியே கிடையாது. மோசமான பதில் வந்தவர்களுக்கோ திரை தூக்கியிருந்ததே ஒரு கவசம் மாதிரி ஆனது. குறை என்னிடமா, அவருடைய பார்வையிலா என்று பிரித்துப் பார்க்க இடம் கிடைத்துவிட்டது. சிறிய ஆய்வுதான், அதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ஆனாலும் இழப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சரியாகக் காட்டுகிறது. தன்னைப் பற்றி உலகம் சொல்லும் எந்தத் தகவலையும், நல்லதோ கெட்டதோ, அந்த மாணவரால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொன்றையும் உரித்துப் பார்த்தாக வேண்டும். ஓர் ஆசிரியர் அதிக மதிப்பெண் போட்டால் தன் கட்டுரை உண்மையில் நன்றாக இருந்ததா என்று அந்த மாணவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் எதைத் திருத்திக்கொள்வது? தன்னம்பிக்கை எவ்வளவு இருந்தாலும் இந்த உழைப்பிலிருந்து விடுதலை இல்லை. தன்னம்பிக்கை உள்ளவர்தான் இதை இன்னும் கூர்மையாக உணர்வார் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை டு பாய்ஸ் ‘இரண்டாம் பார்வை’ என்று அழைத்து, சாபத்தோடு சேர்ந்து வந்த வரமாகவே சொன்னார். கார்டை மறுத்த பெண்ணுக்கு அந்தப் பையன் மனத்தில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள எந்த அவசியமும் இல்லை. தெரியாமலே அவள் சௌகரியமாக வாழ்ந்துவிட முடியும். அவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது, அவளை அவன் படித்தே ஆக வேண்டும். நாளடைவில் அவளுக்கே அவளைப் பற்றித் தெரியாதது அவனுக்குத் தெரியும். 1920இல் வெளிவந்த புத்தகத்தில் டு பாய்ஸ் வெள்ளையரைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த நிலையிலிருந்து எழுதப்பட்டது. அவர்களுடைய உள்ளும் புறமும் எனக்குத் தெரிகிறது, அதனால்தான் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்ற தொனியில் போகும். 1897இல் பார்க்கப்பட்டவராக எழுதியவர், அங்கே பார்ப்பவராக உட்கார்ந்திருக்கிறார்.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டில் நாலு பேர் முறைத்துப் பார்த்தார்கள், அதனால் எனக்கும் இரட்டைப் பிரக்ஞை என்று சொல்வதை இப்போது நிறையப் பார்க்கிறேன். அந்தப் பார்வைக்கு உங்கள் வேலைமேல், மதிப்பெண்மேல், உயிர்மேல் அதிகாரம் இருக்கிறதா? அதை விட்டுவிட்டுப் போய்விட இடம் இருக்கிறதா? விட்டுவிட்டுப் போக இடம் இருக்கிறது என்றால் அது வெறும் கூச்சம். டு பாய்ஸ் எழுதிய காலம், தனித்தனி ரயில் பெட்டிகளை உச்ச நீதிமன்றமே 1896இல் ஒப்புக்கொண்ட காலம். அவருடைய அனுபவமும் வடக்கே பிறந்து ஹார்வர்டில் படித்த ஓர் ஆணின் அனுபவம். ஜார்ஜியாவின் பருத்தி வயலில் வேலை செய்த, வெள்ளையரை முதலாளியாக மட்டுமே கண்ட ஒரு பெண்ணுக்கும் மனம் இதே மாதிரி பிளந்திருந்தது என்று அவருடைய கட்டுரையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

அவரே அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் அதிகம் கையாளவில்லை. 1940இல் எழுதிய தன்வரலாற்று நூலில் திரைக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி வருகிறது. குகைக்குள் அடைபட்டவர்கள் வெளியே அந்த வழியாக நடந்து போகிறவர்களிடம் முதலில் நிதானமாகவும் நியாயமாகவும் பேசுகிறார்கள். காதில் விழவில்லை என்று தெரிந்ததும் கத்துகிறார்கள், கையை ஆட்டுகிறார்கள். வெளியே ஒன்றிரண்டு பேர் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். 1897 கட்டுரையையும் இந்தப் பகுதியையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதலாவதில் உள்ளே இருப்பவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பது கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வெளியே இருப்பவருக்கு ஏன் கேட்கவில்லை என்பது கேள்வியாகிவிட்டது. உள்ளே இருப்பவரின் மனத்தில் கோளாறு தேடுவதை அவர் அதற்குள் நிறுத்தியிருந்தார்.